25 மடங்கு நீர்த்தா pH எவ்ளோ ஏறும், pH-ல இருந்து H⁺-க்கு எப்படி திரும்பி வர்றது

கேள்வி: அண்ணா, 0.1 M HCl 10 மில்லி எடுத்து 250 மில்லி ஆக்கினா pH என்னனு ஒரு கணக்கு. முதல்ல pH 1, அது தெரியும். 25 மடங்கு நீர்த்துட்டோம்ல, அந்த 1-ஐ 25-ஆல பெருக்கறதா வகுக்கறதானு புரியல. இன்னொன்னு, pH 3.4 குடுத்து H⁺ எவ்ளோனு கேக்கறாங்க, நான் ஆன்டிலாக் பார்த்தா 2512-னு ஏதோ வருது. கால்குலேட்டர் இல்லாம இதெல்லாம் எப்படி போடறது?

பதில்:

தம்பி, முதல்ல விடைய சொல்லிடறேன். முதல் கணக்குக்கு pH 2.40. ரெண்டாவதுக்கு H⁺ செறிவு 3.98 × 10⁻⁴ மோலார், கிட்டத்தட்ட 4 × 10⁻⁴. pH-ஐ 25-ஆல பெருக்கவும் கூடாது வகுக்கவும் கூடாது, 25-ஆல வகுக்க வேண்டியது செறிவை மட்டும்தான். அப்புறம் உனக்கு வந்த 2512 இருக்கே, அது குப்பை நம்பர் இல்ல, பாதி தூரம் சரியா வந்து நின்னுட்ட, அது ஏன்னு கீழ வரும்போது சொல்றேன்.

இந்த குழப்பம் எங்கேர்ந்து வருதுன்னா, pH-ங்கறத நாம "அமிலத்தோட அளவு" மாதிரி நினைச்சுக்கறோம். அது அளவு கிடையாது, அது ஒரு அடுக்கு. 1909-ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல, ஆமா அந்த பீர் கம்பெனி நடத்தின ஆய்வகம்தான், சோரன்சன்னு ஒரு கெமிஸ்ட் என்சைம்கள் மேல வேலை பார்த்துட்டு இருந்தார். அந்த வேலைல H⁺ செறிவு கோடில ஒரு பங்கு, லட்சத்துல ஒரு பங்குன்னு பயங்கர சின்ன எண்களா வரும். அதை முழுசா எழுதறதுக்கு பதிலா பத்தோட அடுக்கை மட்டும் எடுத்து, அதுல இருக்கற மைனஸை விட்டுட்டு எழுதலாம்னு அவர்தான் கொண்டு வந்தார். 0.001-ஐ 10⁻³-னு எழுதறோம்ல, அந்த 3 மட்டும் போதும், அதுதான் pH. அவ்ளோதான் விஷயம், pH = −log[H⁺]-ங்கறது இதையே கணக்கு பாஷைல சொல்றது.

இப்ப 10⁻¹-ஐ 25-ஆல வகுத்தா அடுக்கு என்ன ஆகும்னு யோசி. ரெண்டு எண்ணை வகுக்கும்போது அடுக்குகள் கழியும், வகுபடாது. அதனால தண்ணி ஊத்தறதுங்கறது செறிவுக்கு வகுத்தல், ஆனா pH-க்கு வெறும் கூட்டல். இத ஒன்னை பிடிச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வரும். உன் கணக்குல pH 1-ஐ 25-ஆல பெருக்கியிருந்தா 25 வந்திருக்கும், அப்படின்னா அமிலத்துல தண்ணி ஊத்தினா காஸ்டிக் சோடாவையும் தாண்டி போயிடுச்சுன்னு அர்த்தம். வகுத்திருந்தா 0.04, அதாவது தண்ணி ஊத்த ஊத்த அமிலம் இன்னும் உக்கிரமாச்சுன்னு அர்த்தம். ரெண்டும் நடக்காதுன்னு உனக்கே தெரியும், அதனால விடை வந்ததும் இந்த மாதிரி ஒரு தடவை அர்த்தம் வச்சு பாரு.

சரி கணக்குக்கு வருவோம். HCl வலிமையான அமிலம், அதாவது தண்ணில போட்டா கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறும் உடைஞ்சு H⁺ குடுத்துடும், அதனால 0.1 M HCl-னா H⁺-ம் 0.1 M. HNO₃, HBr, HI, HClO₄ இதுக்கும் இதே கதைதான். 10 மில்லில எவ்ளோ H⁺ இருக்குன்னு முதல்ல எண்ணிக்கோ, 10 × 0.1 = 1 மில்லிமோல். நீ தண்ணி ஊத்தும்போது இந்த 1 மில்லிமோல் கூடவும் இல்ல குறையவும் இல்ல, முன்னாடி 10 மில்லிக்குள்ள இருந்தது இப்ப 250 மில்லி முழுக்க பரவி இருக்கு, அவ்ளோதான். அதனால புது செறிவு 1 ÷ 250 = 0.004 மோலார்.

M₁V₁ = M₂V₂
0.1 × 10 = M₂ × 250
M₂ = 0.004 = 4 × 10⁻³

இந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி வச்சிருப்ப, ஆனா அது சொல்றது மேல சொன்ன ஒரே விஷயம்தான், ரெண்டு பக்கமும் மில்லிமோல் எண்ணிக்கை, அது மாறாதுன்னு. இப்ப லாக் எடுக்கணும். 4 × 10⁻³-ல ரெண்டு துண்டு இருக்கு, 4-ஓட லாக் 0.602, 10⁻³-ஓட லாக் −3. கூட்டினா 0.602 − 3 = −2.398. மைனஸை மாத்தினா pH = 2.398, ரெண்டு தசமத்துக்கு 2.40.

இங்கதான் நிறைய பேர் தடுமாறி 3.602-னு எழுதிடறாங்க, டியூஷன்ல நான் திருத்தற பேப்பர்ல அதிகமா பாக்கற தப்பு இதுதான். 3-ம் தெரியுது 0.602-ம் தெரியுது, அவசரத்துல ரெண்டையும் கூட்டி விட்டுடறாங்க. இத கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, 0.004 எங்க உக்காந்திருக்குன்னு பாரு, 0.01-க்கும் 0.001-க்கும் நடுவுல. 0.01-னா pH 2, 0.001-னா pH 3, அப்ப உன் விடை 2-க்கும் 3-க்கும் நடுவுல வந்தே ஆகணும், 3.602 வர வழியே இல்ல. லாக் எடுக்கறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டு வேலியையும் ஓரமா பென்சில்ல எழுதி வச்சுக்கோ, அப்புறம் தப்பு பண்ணாலும் கண்ணுல பட்டுடும்.

முன்னாடி சொன்னேன்ல தண்ணி ஊத்தறது pH-க்கு கூட்டல்னு, அத நேராவே போடலாம்:

புது pH = பழைய pH + log(எத்தனை மடங்கு)

25-ஓட லாக் 1.398, பழைய pH 1, கூட்டினா 2.398. அதே விடை, செறிவு கண்டுபிடிக்கற படியே இல்லாம. 10 மடங்கு நீர்த்தா ஒன்னு ஏறும், 100 மடங்கு நீர்த்தா ரெண்டு ஏறும், வெறும் ரெண்டு மடங்கு நீர்த்தா 0.30 தான் ஏறும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏன்னா இதுல தண்ணிக்கு pH எவ்ளோ மெதுவா அசையுதுன்னு கண்ணுக்கு தெரியுது, ஒரு டம்ளர் அமிலத்தை 25 டம்ளர் ஆக்கியும் pH ஒன்னரை கூட ஏறல. ஆனா பரீட்சைல ஸ்டெப்புக்கு மார்க் இருக்கற பேப்பர்னா M₁V₁ வழிய எழுதிட்டு, இத விடைய சரிபாக்க வச்சுக்கோ.

ஒரு எச்சரிக்கை, இந்த கூட்டல் வழி வலிமையான அமிலத்துக்கு மட்டும். அசிடிக் அமிலம் மாதிரி வலிமை குறைஞ்சதுல பெரும்பாலான மூலக்கூறு உடையாமலே இருக்கும், நீ தண்ணி ஊத்த ஊத்த இன்னும் கொஞ்சம் உடைஞ்சு H⁺-ஐ ஈடுகட்டும். அதனால 0.1 M அசிடிக் அமிலம் pH 2.87 இருந்தா 10 மடங்கு நீர்த்தப்புறம் 3.87 வராது, 3.38 கிட்டதான் வரும், ஒன்னு ஏற வேண்டிய இடத்துல அரைதான் ஏறும். கேள்வில எந்த அமிலம்னு முதல்ல படி, அப்புறம்தான் பேனாவை எடு.

அடுத்தது கேள்வியோட வார்த்தை. "250 மில்லி ஆக்கினா"ங்கறதும் "250 மில்லி தண்ணி சேர்த்தா"ங்கறதும் வேற வேற. ஆக்கினான்னா மொத்தம் 250, அதாவது 25 மடங்கு. சேர்த்தான்னா 10 + 250 = 260, 26 மடங்கு, pH 2.415. இந்த கணக்குல வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா "50 மில்லி அமிலத்தை 100 மில்லி ஆக்கு"ங்கறதையும் "50 மில்லி அமிலத்துல 100 மில்லி தண்ணி சேர்"ங்கறதையும் வச்சு பாரு, ஒன்னு 2 மடங்கு, இன்னொன்னு 3 மடங்கு, pH ஒன்னுல 0.30 ஏறும் இன்னொன்னுல 0.48 ஏறும். நீட் மாதிரி நாலு ஆப்ஷன் குடுக்கற பேப்பர்ல ரெண்டு விடையும் ஆப்ஷன்ல இருக்க வாய்ப்பு உண்டு, அப்ப கெமிஸ்ட்ரி தெரிஞ்சும் மார்க் போகும்.

லேப்ல இத செய்யறப்ப அளவு தானா சரியா வரும், ஏன்னா பிப்பெட்ல 10 மில்லி எடுத்து 250 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்ல விட்டு கழுத்துல இருக்கற மார்க் வரைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தறோம், எவ்ளோ தண்ணி ஊத்தினோம்னே நமக்கு தெரிய வேண்டியதில்ல. அங்க வர்ற தப்பு வேற மாதிரி. காலேஜ் முதல் வருஷத்துல நான் மார்க் வரைக்கும் ஊத்திட்டு, மூடிய போட்டு தலைகீழா கவுத்து கலக்காம, அப்படியே மேலேர்ந்து பிப்பெட் பண்ணிட்டேன். டைட்ரேஷன்ல முதல் ரீடிங் ரொம்ப கம்மியா வந்துச்சு, அடுத்தது கூடுச்சு, அதுக்கடுத்தது இன்னும் கூடுச்சு, ஒன்னோட ஒன்னு ஒத்தே போகல. அமிலம் தண்ணிய விட கனம், அது அடில தங்கி நிக்குது, மேல இருந்தது பெரும்பாலும் தண்ணி. 0.004 மோலார்ங்கறது ஃப்ளாஸ்க் முழுக்க ஒரே மாதிரி பரவினப்புறம் வர்ற எண், கலக்கற வரைக்கும் அந்த எண் அந்த ஃப்ளாஸ்க்குள்ள எங்கயும் கிடையாது. அதுக்கப்புறம் நான் பத்து பன்னெண்டு தடவையாவது கவுத்து கவுத்து கலக்காம ஒரு ஃப்ளாஸ்க்கையும் தொட்டதில்ல.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி, pH 3.4-ல இருந்து H⁺. போன பாதைலயே திரும்பி வரணும், −log[H⁺] = 3.4, அப்ப log[H⁺] = −3.4, அப்ப [H⁺] = 10⁻³·⁴. நீ என்ன பண்ணிருக்கன்னா மைனஸை விட்டுட்டு 3.4-க்கு ஆன்டிலாக் பாத்திருக்க, அதனால 10³·⁴ = 2512 வந்துச்சு. ஒரு லிட்டர்ல 2512 மோல் H⁺ இருக்க முடியாது, கடைல வாங்கற அடர் HCl-லயே ஒரு லிட்டருக்கு 12 மோல்தான் இருக்கு. ஆனா மைனஸ் அடுக்குன்னா தலைகீழ்தானே, அதனால 1 ÷ 2512 போட்டேன்னா 3.98 × 10⁻⁴, சரியான விடை. அதான் சொன்னேன் பாதி தூரம் வந்துட்டன்னு.

ஆனா கை கணக்குல 1-ஐ 2512-ஆல வகுக்கறது தொல்லை, அதுக்குதான் லாக் டேபிள்ல பார் போடற முறை. ஆன்டிலாக் டேபிள் .00-ல இருந்து .99 வரைக்கும் பிளஸ் எண்களுக்கு மட்டும்தான் போட்டிருப்பாங்க, −0.4-னு ஒரு வரிசை அதுல கிடையாது. அதனால −3.4-ஐ ஒரு மைனஸ் முழு எண்ணாவும் ஒரு பிளஸ் தசமமாவும் பிரிக்கணும். −3.4-க்கு கீழ இருக்கற அடுத்த முழு எண் −4, அதுல இருந்து −3.4-க்கு ஏற 0.6 கூட்டணும்.

log[H⁺] = −3.4 = −4 + 0.6
antilog 0.6 = 3.981
[H⁺] = 3.981 × 10⁻⁴

இந்த −4 + 0.6-ஐ தான் நாலு மேல ஒரு கோடு போட்டு "நாலு பார் பாயின்ட் ஆறு"ன்னு எழுதுவாங்க, கோடு நாலுக்கு மட்டும்தான், ஆறுக்கு கிடையாது. இது புரியாம பார்-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணினவங்க −3.4-ஐ மூணு பார் பாயின்ட் நாலுன்னு எழுதிட்டு 2.512 × 10⁻³-னு விடை போடுவாங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா தப்பு. வேலி வச்சு பாரு, pH 3.4 இருக்கற இடம் 3-க்கும் 4-க்கும் நடுவுல, அப்ப செறிவு 10⁻³-க்கும் 10⁻⁴-க்கும் நடுவுல வரணும், அதாவது 0.001-க்கும் 0.0001-க்கும் நடுவுல. 2.5 × 10⁻³ = 0.0025, அது 0.001-ஐயே தாண்டிடுச்சு, வேலிக்கு வெளிய. 0.000398 உள்ள இருக்கு.

லாக் டேபிளும் இல்லாத பேப்பர்ல என்ன பண்றதுன்னு கேட்டிருக்க, அதுக்கு மூணே மூணு எண் மனசுல இருந்தா போதும். log 2 = 0.30, log 3 = 0.48, log 7 = 0.85. மீதி எல்லாம் இதுல இருந்தே வரும், 4-ங்கறது 2 × 2 அதனால 0.60, 6-ங்கறது 2 × 3 அதனால 0.78, 5-ங்கறது 10-ஐ 2-ஆல வகுத்தது அதனால 1 − 0.30 = 0.70, 8-க்கு 0.90, 9-க்கு 0.95. இப்ப pH குடுத்தா அதுக்கு மேல இருக்கற முழு எண்ணை பாரு, எவ்ளோ குறையுதுன்னு பாரு, அந்த குறைச்சல் எந்த எண்ணோட லாக்னு பாரு. 3.4 நாலுல இருந்து 0.60 குறைச்சல், 0.60 நாலோட லாக், அதனால 4 × 10⁻⁴. pH 2.7-னா மூணுல இருந்து 0.30 குறைச்சல், அதனால 2 × 10⁻³. pH 5.52-னா ஆறுல இருந்து 0.48 குறைச்சல், 3 × 10⁻⁶. பத்து கணக்கு போட்டேன்னா டேபிளை தொடறதுக்கே கை போகாது.

விடைய 3.98-னு எழுதறதா 4-னு எழுதறதானு ஒரு சந்தேகம் வரும். pH-ல புள்ளிக்கு முன்னாடி இருக்கற எண் வெறும் பத்தோட அடுக்கு எதுன்னு மட்டும் சொல்லுது, உண்மையான துல்லியம் புள்ளிக்கு பின்னாடி இருக்கற இலக்கத்துலதான். 3.4-னு ஒரு இலக்கம் குடுத்தா செறிவும் ஒரு இலக்கத்துக்குதான் நம்பலாம், 4 × 10⁻⁴. 3.40-னு குடுத்தா 4.0 × 10⁻⁴. போர்டு எக்ஸாம்ல 3.98-னு எழுதினா யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க, ஆனா 3.9811 × 10⁻⁴-னு நீட்டி எழுதறதுல அர்த்தம் இல்ல, pH-ல 0.1 அங்க இங்க நகர்ந்தாலே செறிவு கால் பங்கு மாறிடும்.

ரெண்டு கேள்வியையும் சேர்த்து ஒரே கணக்கா கேக்கறதும் உண்டு, அத ஒன்னு போட்டு காட்டறேன். pH 2 இருக்கற 100 மில்லி HCl இருக்கு, அத pH 3.4 ஆக்க எவ்ளோ தண்ணி சேக்கணும்? pH ஏற வேண்டியது 3.4 − 2 = 1.4. ஏறினது எத்தனை மடங்கோட லாக், அதனால மடங்கு = ஆன்டிலாக் 1.4 = 25.12. மொத்தம் 100 × 25.12 = 2512 மில்லி, அதாவது ரெண்டரை லிட்டருக்கு கொஞ்சம் மேல. ஆனா கேட்டது மொத்தம் இல்ல, சேக்க வேண்டிய தண்ணி, அதனால 100-ஐ கழிச்சு 2412 மில்லி. உன் பழைய 2512 இங்கயும் வந்துச்சு பாத்தியா, 0.4-ஓட ஆன்டிலாக் 2.512-ங்கறதால அது எங்கெல்லாம் 0.4 வருதோ அங்கெல்லாம் எட்டிப்பாக்கும். சரியா வந்துச்சானு பாக்கணும்னா, pH 2-னா 0.01 M, 100 மில்லில 1 மில்லிமோல், 1 ÷ 2512 = 3.98 × 10⁻⁴, pH 3.4. உன் முதல் கணக்குல இருந்த அதே ஒரு மில்லிமோல்.

கடைசியா இந்த முறை எங்க உடையுதுன்னு சொல்லணும், ஏன்னா அங்கேர்ந்து கேள்வி கேக்க எல்லாருக்கும் ரொம்ப பிடிக்கும். நீர்த்துக்கிட்டே போய் HCl 10⁻⁸ M ஆயிடுச்சுன்னு வச்சுக்கோ. ஃபார்முலா படி pH 8. ஆனா அமிலத்தை தண்ணிய ஊத்தி ஊத்தி காரமாக்க முடியுமா? முடியாது. இதுவரைக்கும் நாம தண்ணி தன் பங்குக்கு குடுக்கற H⁺-ஐ கணக்குல சேக்கவே இல்ல, 25 டிகிரில சுத்த தண்ணியே 10⁻⁷ M H⁺ வச்சிருக்கு. அமிலம் 0.004 M இருக்கும்போது 10⁻⁷ ஒரு பொருட்டே இல்ல, ஆனா அமிலம் 10⁻⁸ ஆகும்போது தண்ணியோட பங்குதான் பெருசு.

அப்ப 10⁻⁸ + 10⁻⁷ = 1.1 × 10⁻⁷, pH 6.96-னு சில கைடுல போட்டிருக்கும். யோசனை சரி, ஆனா கொஞ்சம் அவசரம். அமிலத்துல இருந்து H⁺ வந்ததும் தண்ணி உடையறது கொஞ்சம் அடங்கும், அதனால தண்ணியோட பங்கு முழு 10⁻⁷ இருக்காது. மொத்த H⁺-ஐ x-னு வச்சுக்கோ. அதுல 10⁻⁸ அமிலத்தோடது, மீதி x − 10⁻⁸ தண்ணியோடது, தண்ணி உடையும்போது H⁺-ம் OH⁻-ம் ஜோடியா வர்றதால OH⁻-ம் அதே x − 10⁻⁸. 25 டிகிரில H⁺-ஐயும் OH⁻-ஐயும் பெருக்கினா எப்பவும் 10⁻¹⁴ தான் வரும், அதனால:

x(x − 10⁻⁸) = 10⁻¹⁴
x = 1.05 × 10⁻⁷
pH = 6.98

இந்த இருபடி சமன்பாட்டை எப்ப போடணும்னா, அமிலம் 10⁻⁶ M-க்கு கீழ போகும்போதுதான். 10⁻⁶-ல சமன்பாடு போட்டாலும் pH 5.996 வருது, 6-னு எழுதறதுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. 10⁻⁷-ல போட்டா 6.79, ஃபார்முலா 7-னு சொல்லும், இங்க தப்பு தெரிய ஆரம்பிச்சுடுச்சு. ஆக pH 6-க்கு மேல ஒரு அமிலத்துக்கு விடை வந்தாலே நின்னு தண்ணிய நினைச்சு பாரு. இன்னொரு பக்கம், அமிலம் ரொம்ப அடர்த்தியா இருந்தாலும் இடிக்கும், 0.1 M HCl-ல மீட்டரை வச்சா 1.00 காட்டாது, 1.1 கிட்ட காட்டும், ஏன்னா அயனிகள் நெருக்கமா இருக்கும்போது ஒன்னை ஒன்னு இழுத்து பிடிச்சு வச்சிருக்கறதால எல்லா H⁺-ம் தனித்தனியா சுதந்திரமா இருக்கற மாதிரி நடந்துக்காது. உன் 0.004 M-ல இந்த விலகல் 0.03 அளவுதான், பரீட்சைக்கு இத யாரும் கேக்க மாட்டாங்க.

அந்த 10⁻⁸ M கரைசலை மட்டும் லேப்ல செஞ்சு பாத்து 6.98 வரலன்னு பயந்துடாத. டிஸ்டில்ட் வாட்டர் கேன்ல திறந்து கிடந்தாலே காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு அதோட pH 5.6 கிட்ட வந்துடும், அதாவது H⁺ 2.5 × 10⁻⁶, நீ கணக்கு பண்ணி போட்ட அமிலத்தை விட 250 மடங்கு. அந்த தண்ணிய நல்லா கொதிக்க வச்சு, மூடி ஆறவிட்டு, காத்து படாம நைட்ரஜன் ஓட விட்டு அளந்தாதான் 7-ஐ ஒட்டி ஏதாவது பாக்கலாம்.